அல்வலீத் பின் உக்பா: எல்லா நபித்தோழர்களும் நம்பகமானவர்கள் என்றால் 49:6 வசனத்தை என்ன செய்வது?

ஓலைச்சுவடி

அஸ்ஸலாமு அலைக்கும். ஹதீஸ் கலை பற்றிப் படித்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அறிவிப்பாளர் வரிசையில் வரும் ஒவ்வொருவரையும் துருவித் துருவி ஆராய்வார்கள். நபித்தோழர் என்று வந்துவிட்டால் மட்டும் அங்கே நிறுத்திக்கொள்வார்கள். ஸஹாபாக்கள் அனைவரும் அத்ல், அதாவது நம்பகமானவர்கள், அவர்களைப் பற்றி விசாரணை கிடையாது என்கிறார்கள். சரி.

ஆனால் 49:6 வசனத்துக்கு விரிவுரையாளர்கள் சொல்லும் பின்னணி என்ன? பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் வாங்கிவர நபி (ஸல்) அவர்கள் அல்வலீத் பின் உக்பாவை அனுப்புகிறார்கள். அவர் போய்ச் சேராமல் பாதியிலேயே பயந்து திரும்பி வந்து, "ஸகாத் தர மறுக்கிறார்கள், என்னைக் கொல்லப் பார்த்தார்கள்" என்று சொல்கிறார். படை அனுப்பும் அளவுக்குப் போகிறது. அதற்குள் அந்த மக்களே வந்து, "எங்களிடம் யாரும் வரவேயில்லையே" என்கிறார்கள். "ஒரு ஃபாஸிக் உங்களிடம் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள்" என்ற வசனம் இறங்குகிறது. ஃபாஸிக் என்றால் பாவத்தில் துணிந்தவர்.

செய்தியை விசாரி என்று குர்ஆன் யாரை முன்வைத்துச் சொன்னதோ, அவரையே விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ளும் விதி எப்படி வந்தது? அவர் வழியாக அபூதாவூதில் ஒரு ஹதீஸும் இருக்கிறது. குதர்க்கத்துக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூத்தாநல்லூரான்

வ அலைக்கும் ஸலாம். பாய், இதெல்லாம் பழைய குற்றச்சாட்டு. ஸஹாபாக்கள் எல்லோரும் அத்ல் என்றால் அவர்களிடம் பொய்யும் கிடையாது, பாவமும் கிடையாது, தவறும் கிடையாது. ஸஹாபி வரைக்கும் ஸனது என்ற அறிவிப்பாளர் வரிசை போய்ச் சேர்ந்தால் அந்த ஹதீஸ் முடிந்தது, அதற்கு மேல் பேச்சில்லை.

வலீத் விஷயத்துக்கு பதில் நீங்கள் சொன்ன அபூதாவூத் ஹதீஸிலேயே இருக்கிறது. மக்கா வெற்றியன்று மக்காவாசிகள் தங்கள் பிள்ளைகளை நபியவர்களிடம் கூட்டி வந்தார்கள். நபியவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தடவி துஆ செய்தார்கள். என்னையும் கொண்டுபோனார்கள், என் மேல் கலூக் என்ற வாசனைப் பூச்சு இருந்ததால் என்னைத் தொடவில்லை என்று வலீதே சொல்கிறார். அதாவது அன்றைக்கு அவர் சின்னப் பையன். சின்னப் பையனை ஸகாத் வசூலிக்க யாராவது அனுப்புவார்களா? காழீ அபூபக்ர் இப்னுல் அரபீ இதே வாதத்தை எழுதியிருக்கிறார். ஆகவே வசனம் அவரைப் பற்றியது என்ற கதைதான் தவறு.

பழைய கிதாபு

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கூத்தாநல்லூர் பாய் சொன்னது சரிதான், இப்னுல் அரபீ (ஹிஜ்ரி 543) அப்படித்தான் வாதிட்டார். ஆனால் அவருக்கு முன்பே, அதே ஸ்பெயின் மண்ணில் இருந்த இப்னு அப்தில் பர் (ஹிஜ்ரி 463) இதே ஹதீஸை நேரெதிராகத் திருப்பிப் பிடித்தார். ஸகாத் வாங்க அனுப்பப்பட்டவர் மக்கா வெற்றியன்று சிறுபிள்ளையாக இருந்திருக்க முடியாது. ஆகவே இந்த ஹதீஸ்தான் சரியில்லை என்றார். 49:6 வலீதைப் பற்றி இறங்கியது என்பதில் தனக்குத் தெரிந்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை என்றும் எழுதினார்.

எது சரி என்று பார்க்க வயதுக் கணக்கு ஒன்று கைகொடுக்கிறது. வலீதின் சகோதரி உம்மு குல்ஸூம். ஹுதைபியா உடன்படிக்கைக்குப் பிறகு மக்காவிலிருந்து தனியாகப் புறப்பட்டு மதீனா வந்தவர். அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லி மதீனாவரை பின்தொடர்ந்து வந்தவர்கள் அவருடைய சகோதரர்கள் இருவர், வலீதும் உமாராவும். ஹுதைபியா ஹிஜ்ரி 6-இல், மக்கா வெற்றி 8-இல். ஆறாம் ஆண்டுக்குப் பின் அக்காவையோ தங்கையையோ மீட்டுவர மக்காவிலிருந்து மதீனாவரை பேச்சுவார்த்தைக்குப் போனவர், எட்டாம் ஆண்டில் தலையைத் தடவிவிடும் வயதுப் பிள்ளையாக எப்படி இருக்க முடியும்? இப்னு அப்தில் பர் இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறார். வலீதின் தகப்பன் உக்பா பத்ருப் போரை ஒட்டி, அதாவது ஹிஜ்ரி 2-லேயே கொல்லப்பட்டவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸனதுக்கு வருவோம். அபூதாவூதில் அது ஜஅஃபர் பின் புர்கான், ஸாபித் பின் அல்ஹஜ்ஜாஜ், அப்துல்லாஹ் அல்ஹம்தானீ வழியாக வலீதுக்குப் போகிறது. வலீதிடம் நேரடியாகக் கேட்டதாக நிற்கும் அந்த ஹம்தானீ யார்? வேறு வழிகளில் அபூ மூஸா அல்ஹம்தானீ என்று வருகிறது. இருவரும் ஒருவரா, இரண்டு பேரா என்பதே குழப்பம். அபூ மூஸா மஜ்ஹூல், அதாவது யாரென்று தெரியாதவர், ஹதீஸ் முன்கர், அதாவது ஏற்கத்தகாதது, குழம்பியது, ஸஹீஹ் அல்ல என்று முடித்துவிட்டார் இப்னு அப்தில் பர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஹதீஸ் தள்ளப்பட்டது. ஆனால் "வலீத் பொய் சொன்னார்" என்று யாரும் தள்ளவில்லை. ஸஹாபியைத் தொடாமல், அவருக்குக் கீழே இருந்த முகம் தெரியாத ஆளை வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள். நடைமுறையில் ஸஹாபாக்கள் அனைவரும் அத்ல் என்ற இந்த அதாலத் விதி இப்படித்தான் இயங்கியது.

அப்புறம், கூத்தாநல்லூர் பாய், "பாவமே இல்லை" என்பது அந்த விதியின் பொருள் அல்ல. இதே வலீத் உஸ்மான் (ரலி) காலத்தில் கூஃபாவின் ஆளுநர். சுப்ஹு தொழுகை நடத்திவிட்டுத் திரும்பி, "இன்னும் கூட்டித் தரட்டுமா?" என்று கேட்டதாகவும், குடித்ததாக ஒருவரும் வாந்தி எடுத்ததைப் பார்த்ததாக இன்னொருவரும் சாட்சி சொன்னதாகவும் ஸஹீஹ் முஸ்லிமிலேயே இருக்கிறது. உஸ்மானின் உத்தரவு, அலீ (ரலி) பக்கத்தில் நின்று எண்ண, அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் அடிக்கிறார். நாற்பது ஆனதும் அலீ "நிறுத்து" என்கிறார். வலீத் உஸ்மானுக்குத் தாய்வழிச் சகோதரர் என்பதையும் மறக்க வேண்டாம். ஸஹாபாக்கள் அத்ல் என்று சொன்ன அதே கூட்டம்தான் இதை ஸஹீஹ் என்று பதிவு செய்தது. விதியின் பொருள் இவ்வளவுதான்: நபியின் பேரில் வேண்டுமென்றே பொய் கட்டிச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் பெஞ்சு

கிதாபு பாய், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதே என் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது.

அந்தக் கலூக் ஹதீஸ் பொய் என்று வைத்துக்கொள்வோம். அதனால் யாருக்கு லாபம்? வலீதுக்கு. மக்கா வெற்றியன்று நான் சின்னப் பையன் என்றால், 49:6 என்னைப் பற்றியதாக இருக்க முடியாது. இப்னுல் அரபீ அதை அப்படித்தானே பயன்படுத்தினார்! லாபம் அடைபவரை விட்டுவிட்டு, பெயரே சரியாகத் தெரியாத ஹம்தானீ தலையில் பழியைப் போடுகிறீர்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான்: மேலே இருப்பவரைச் சந்தேகிக்கக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள். பழி எப்போதும் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. பிறகு "பாருங்கள், ஸஹாபாக்கள் யாரும் பொய் சொன்னதாக நிரூபணம் இல்லை" என்கிறீர்கள். நிரூபணம் வரும் வழியை அடைத்துவிட்டு, நிரூபணம் இல்லை என்பது என்ன நியாயம்?

நூருல் ஹுதா

எல்லோருக்கும் ஸலாம். இந்த விவாதமே தேவையில்லை. நமக்குக் குர்ஆனும் ஹதீஸும் போதும். ஸஹாபாக்களின் சொல்லும் செயலும் மார்க்க ஆதாரம் ஆகாது என்பதை எத்தனையோ மேடைகளில் பேசி முடித்தாகிவிட்டது. இருபது ரக்அத் தராவீஹ், ஜும்ஆவின் இரண்டாவது பாங்கு எல்லாம் அதில் அடங்கும். வலீதைப் பின்பற்றச் சொல்லி யாரும் இங்கே கேட்கவில்லையே.

பழைய கிதாபு

நூருல் ஹுதா, நீங்கள் சொல்வது வேறு வழக்கு. ஸஹாபியின் சொந்தக் கருத்து ஆதாரமா என்பது உஸூல், அதாவது சட்ட அடிப்படைகள் பற்றிய சண்டை. அதில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் இந்தக் கேள்வி உங்களை விடாது. ஏனென்றால் "நமக்கு ஹதீஸ் போதும்" என்று நீங்கள் கையில் எடுக்கும் ஹதீஸ் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஸஹாபியின் வாய்வழியாகத்தான் வந்திருக்கிறது. அவர் சொன்னதை ஏன் நம்புகிறோம் என்பதுதான் இங்கே பேச்சு.

மூன்றாம் பெஞ்சு, உங்கள் கேள்வி கனமானது. ஹம்தானீயா வலீதா என்று இந்த ஒரு ஸனதை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஆள் தெரியாத ஒருவர் இருக்கும்வரை, அவருக்கு மேலே இருப்பவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்பதே உறுதியில்லை. சொன்னாரா என்றே தெரியாதபோது பொய் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? விதி இல்லாவிட்டாலும் ஒரு நேர்மையான விமர்சகர் அங்கேதான் நின்றிருப்பார்.

முஅல்லிமீ என்ற யமன் அறிஞர் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் பல காலம் ரிஜால் எனப்படும் அறிவிப்பாளர் வரலாற்று நூல்களைப் பதிப்பித்தவர், 1966-இல் மக்காவில் இறந்தார். வலீதின் பேரில் என்னென்ன அறிவிப்புகள் வந்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தார். இந்த ஒன்றுதான் கணக்கில் வருகிறது. அதுவும் ஸஹீஹ் இல்லை. அதிலும்கூட நபியவர்கள் தன்னைத் தொடவில்லை என்கிற, அவருக்குப் பெருமை தராத செய்திதான். ஆளுநர், கலீஃபாவின் சகோதரர், அவமானப்பட்டவர். அப்படி ஒருவர் பொய் சொல்லத் துணிந்திருந்தால் தன்னைப் புகழ்ந்து ஒரு கட்டு ஹதீஸ் இறக்கியிருக்க மாட்டாரா என்பது அவர் வாதம். நீங்கள் சொன்ன வயது லாபத்தை வைத்துப் பார்த்தால் "பெருமை இல்லை" என்ற பகுதி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, அது உண்மைதான். ஆனால் கட்டு கட்டாக எதுவும் இல்லையே என்ற பகுதி நிற்கிறது.

மூன்றாம் பெஞ்சு

அப்படிப்பட்டவை இருந்து, பிற்கால ஆட்கள் தள்ளிவிட்டிருந்தால்? நம் கைக்கு வந்தது வடிகட்டிய பிறகு மிஞ்சியதுதானே.

பழைய கிதாபு

தள்ளியதையும் எழுதி வைக்கிற வழக்கம் அவர்களுக்கு இருந்தது. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களுக்கென்றே தனி நூல்கள் எழுதினார்கள். முஆவியாவைப் புகழும் பொய் ஹதீஸ்கள் அவற்றில் ஏராளம். அவற்றின் ஸனதைப் பிரித்துப் பார்த்தால் பிற்கால ஆட்கள் மாட்டுகிறார்கள். வலீதுக்கு அப்படியும் பெரிதாக ஒன்றும் இல்லை.

மர்யம் பீ

நான் படிப்பாளி இல்லை, இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நிக்காஹ். என் தங்கை மகளுக்கு. அவளுடைய அத்தா உம்ராவுக்குப் போயிருந்தார், இஹ்ராம் கட்டிவிட்டார். இங்கே மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டதால், போனில் பேசி வக்காலத்து கொடுத்துவிடுங்கள் என்றோம். எங்கள் பள்ளி ஹஜ்ரத் முடியவே முடியாது, அவர் இஹ்ராமைக் களையட்டும் என்று நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டு ஹஜ்ரத் ஹனஃபி, அவர் தாராளமாகச் செய்யலாம், நபியவர்களே இஹ்ராமில் நிக்காஹ் செய்திருக்கிறார்கள், புகாரீயில் இருக்கிறது என்றார். அங்கேயே பெரிய வாக்குவாதம். புகாரீயில் இருந்தால் எங்கள் ஹஜ்ரத் ஏன் மறுத்தார்? அந்த ஸஹாபியையும் சந்தேகப்படுவார்களா?

பழைய கிதாபு

மர்யம் பீ, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மாப்பிள்ளை வீட்டு ஹஜ்ரத் சொன்னது இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பு. நபியவர்கள் மைமூனா (ரலி) அவர்களை இஹ்ராம் நிலையில் மணந்தார்கள் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஸனதில் குறை சொல்ல இடமே இல்லை. இப்னு அப்பாஸ் யார்? மைமூனாவின் சொந்த அக்காள் மகன். வீட்டு ஆள்.

ஆனால் மணமகளே பேசியிருக்கிறார். தன்னை மணந்தபோது நபியவர்கள் இஹ்ராமில் இல்லை என்று மைமூனா சொன்னதை முஸ்லிம் பதிவு செய்கிறார். போதாததற்கு, இஹ்ராமில் இருப்பவர் தானும் மணக்கக் கூடாது, பிறருக்கும் மணமுடித்து வைக்கக் கூடாது என்று உஸ்மான் (ரலி) வழியாக நபிமொழி வேறு. உங்கள் ஹஜ்ரத் ஷாஃபியீ, அவர் இதை வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார். பெண்ணின் தகப்பன் இஹ்ராமில் இருந்தால் அவர் வலி என்ற பொறுப்பாளராக நின்று நடத்துவதும் கூடாது, அந்த நிலையில் வக்காலத்து கொடுப்பதும் கூடாது என்பது அவர்கள் மத்ஹப். இஹ்ராம் களைய சில மணி நேரம்தான் ஆகும், நிறுத்தியதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இப்போது விமர்சகர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஸனது இரண்டு பக்கமும் சுத்தம். பழியைக் கீழே இறக்க ஆள் இல்லை, மூன்றாம் பெஞ்சு. மதீனாவின் ஸயீத் பின் அல்முஸய்யிப் ஒரே வரியில் சொன்னார்: மைமூனா திருமண விஷயத்தில் இப்னு அப்பாஸுக்குத் தவறிவிட்டது. அபூதாவூத் இந்த வார்த்தையையும் தன் நூலில் சேர்த்துவைத்தார். அதாவது ஸஹாபி பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டார்கள். ஸஹாபிக்குத் தவறிவிட்டது என்று தயங்காமல் சொல்வார்கள். அந்தத் திருமணம் நடந்தபோது இப்னு அப்பாஸ் சிறு வயது. சம்பந்தப்பட்ட பெண்ணே சாட்சி சொல்லும்போது எடை யாருக்கு என்பது கணக்கு. ஹனஃபிகள் இப்னு அப்பாஸை எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் காரணங்கள் உண்டு.

ஆயிஷா (ரலி) இப்னு உமரைத் திருத்தியபோது சொன்ன வார்த்தையை இதோடு வைத்துப் பாருங்கள். அழுவதால் மய்யித்துக்கு வேதனை என்று அவர் அறிவித்ததைக் கேட்டு, "அவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார் அல்லது பிழைவிட்டார்" என்றார்கள். அதாலத் என்ற விதியை விளக்க இதற்கு மேல் ஒரு வரி எழுத முடியுமா என்று தெரியவில்லை.

கூத்தாநல்லூரான்

இப்னு அப்பாஸுக்குத் தவறிவிட்டது என்று புகாரீ ஹதீஸையே தள்ளுகிறீர்களா? அப்படியானால் நாளைக்கு ஆளாளுக்கு எழுந்து "இங்கே ஸஹாபிக்குத் தவறிவிட்டது" என்று கிளம்ப மாட்டார்களா?

பழைய கிதாபு

எதிரே இன்னொரு வலுவான அறிவிப்பு நிற்க வேண்டும், அதுவும் அந்த நிகழ்வுக்கு இன்னும் நெருக்கமானவரிடமிருந்து. வெறும் "எனக்குப் பிடிக்கவில்லை" போதாது.

உம்மு ஸாரா

எனக்குள்ள உறுத்தல் வேறு. பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமுதாயம் உருப்படாது என்ற ஹதீஸ் புகாரீயில் அபூபக்ரா (ரலி) வழியாக வருகிறது. எங்கே பெண்கள் ஒரு வக்ஃபு நிர்வாகத்தில் நிற்க வந்தாலும் இதை எடுத்து முன்னால் போடுவார்கள். மொராக்கோ எழுத்தாளர் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி இவரைக் குறிவைத்துக் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. பஸராவில் ஆளுநர் முகீராவின் மீது விபசாரக் குற்றம் சாட்டி, நான்காவது சாட்சி உறுதியாகச் சொல்லாததால், உமர் (ரலி) அபூபக்ராவுக்குக் கசையடி கொடுத்தார். அவதூறு சொல்பவரின் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள் என்பது 24:4. உமர் "தவ்பா செய், உன் சாட்சியத்தை ஏற்கிறேன்" என்றபோதும் அபூபக்ரா மறுத்தார். நீதிமன்றத்தில் ஏற்கப்படாதவர் ஹதீஸில் மட்டும் எப்படி ஏற்கப்படுகிறார்?

மாவனல்லை

சகோதரி, நான் பதில் சொல்லப் பார்க்கிறேன். அபூபக்ரா யாரையும் திட்டி அவதூறு பரப்பவில்லை, தான் கண்டதாக நம்பியதைச் சாட்சியாகச் சொல்ல வந்தார். எண்ணிக்கை நான்கு நிறையாததால் சட்டப்படி அடி விழுந்தது. வழக்கு விழுவது வேறு, ஆள் பொய்யர் ஆவது வேறு. தவ்பா செய்ய மறுத்ததற்குக் காரணமே, நான் பொய் சொல்லவில்லை என்று அவர் உறுதியாக இருந்ததுதான். பிற்காலத்தில் யாராவது சாட்சிக்கு அழைத்தால், "வேறு ஆளைக் கூப்பிடுங்கள், மக்கள் என்னை ஃபாஸிக் ஆக்கிவிட்டார்கள்" என்பாராம். சட்ட அறிஞர்கள் சாட்சியத்தையும் அறிவிப்பையும் பிரித்தது இதனால்தான்.

அந்த ஹதீஸைப் பெண்களுக்கு எதிராகப் பொதுவாக எடுத்துப் போடுவது வேறு பிரச்சினை. பாரசீகர்கள் கிஸ்ராவின் மகளை அரியணையில் ஏற்றிய செய்தி வந்தபோது சொன்னது அது. எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வியை அறிவித்தவரை அடித்துத்தான் தீர்க்க வேண்டும் என்றில்லை.

உம்மு ஸாரா

புரிந்துகொள்வது பற்றிச் சொன்னது எனக்கு ஏற்புடையது. சாட்சியம்–அறிவிப்புப் பிரிவினை எனக்கு இன்னும் சௌகரியமாகத்தான் தெரிகிறது. ஓர் ஆளின் பணத் தகராறுக்கே போதாத வாய், உம்மத் முழுவதற்கும் சட்டம் சொல்லப் போதுமா? விடுங்கள், திசை திரும்பிவிடும்.

மாவனல்லை

கிதாபு நானா, இவ்வளவு நேரம் நீங்கள் வலீதை வைத்தே ஓட்டிவிட்டீர்கள். வலீது சுலபமான கேஸ், ஏனென்றால் அவர் வழியாக ஸஹீஹான ஹதீஸ் இல்லை. கஷ்டமான கேஸ் புஸ்ர் பின் அர்தாத். அதைத் தொடுங்கள்.

தெரியாதவர்களுக்கு: முஆவியாவின் தளபதி. ஹிஜ்ரி 40-ஐ ஒட்டி ஹிஜாஸ், யமன் பக்கம் அனுப்பப்பட்டவர். யமனில் அலீயின் ஆளுநராக இருந்த உபைதுல்லாஹ் பின் அப்பாஸின் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கொன்றார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இவர் வழியாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. கடற்பயணத்தில் மிஸ்தர் என்ற ஒருவன் ஒட்டகம் திருடி மாட்டிக்கொள்கிறான். புஸ்ர் சொல்கிறார்: பயணத்தில் கை வெட்டப்படாது என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் இவன் கையை வெட்டியிருப்பேன். திர்மிதீயின் ஸனதில் இப்னு லஹீஆ இருக்கிறார், அவரைக் காரணம் காட்டித் தப்பிக்கலாம். அபூதாவூதில் ஹைவா பின் ஷுரைஹ் வழியாக வருகிறது, அங்கே தப்பிக்க முடியாது.

இவரைப் பற்றி யஹ்யா பின் மயீன் (ஹிஜ்ரி 233) சொன்னது: கெட்ட மனிதர். தாரகுத்னீ (ஹிஜ்ரி 385) சொன்னது இன்னும் கூர்மை: அவருக்குத் தோழமை உண்டு, ஆனால் நபிக்குப் பிறகு அவரிடம் நேர்மை நிலைக்கவில்லை. விதிவிலக்கே கிடையாது என்றால் இந்த இரண்டு மலைகளும் என்ன பேசினார்கள்?

மூன்றாம் பெஞ்சு

இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பழைய கிதாபு

மாவனல்லை, நீங்கள் இதைக் கொண்டு வருவீர்கள் என்று நினைத்தேன்.

இப்னு மயீன் "கெட்ட மனிதர்" என்றதோடு நிற்கவில்லை. புஸ்ர் நபியிடம் கேட்டார் என்பதை மதீனாவாசிகள் மறுக்கிறார்கள், ஷாம்வாசிகள்தான் கேட்டார் என்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நபியவர்கள் மரணித்தபோது புஸ்ர் சிறு குழந்தை என்பது வரலாற்றாசிரியர் வாகிதீயின் கணக்கு. அதாவது விமர்சகர்களுக்கு இன்னொரு கதவு இருந்தது: இவர் ஸஹாபியே இல்லை, அல்லது எதையும் கேட்கும் வயதில் இல்லை. விதியை உடைக்காமல் ஆளை விதிக்கு வெளியே வைத்துவிடலாம்.

ஸஹாபி என்றாலே விசாரணை நின்றுவிடும் என்பதால், யார் ஸஹாபி என்ற விசாரணை கடுமையானது. இப்னு ஹஜர் ஸஹாபாக்களைப் பற்றிய தன் அல்இஸாபா நூலில் ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு பிரிவு வைத்து, நான்காவதில் தவறுதலாக ஸஹாபி என்று சொல்லப்பட்டவர்களைப் போட்டார். நம் பஞ்சாப் பக்கத்து ரத்தன் என்பவர் ஹிஜ்ரி 600-க்குப் பிறகு வந்து நான் நபியைப் பார்த்தவன் என்று கிளம்பியதும், தஹபீ அவரைத் தஜ்ஜால் என்று திட்டித் தனி நூலே எழுதியதும் இதனால்தான்.

ஆனால் தாரகுத்னீயின் சொல்லுக்கு அந்தக் கதவு உதவாது. அவர் தோழமையை ஒப்புக்கொண்டுதான் அடுத்த பாதியைச் சொல்கிறார். நடத்தையைச் சொன்னாரே தவிர அறிவிப்பைத் தள்ளவில்லை என்று சிலர் விளக்குவார்கள். அந்த வார்த்தையை அப்படி முழுதாக அடக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. விதியை ஏட்டில் பொதுவாக எழுதி வைத்தவர்கள் பிற்காலத்தார்: கதீப் அல்பக்தாதீ, இப்னுஸ் ஸலாஹ். உள்நாட்டுக் குழப்பங்களில் கலந்துகொண்டவர்கள் உட்பட அனைவரும் என்று இப்னுஸ் ஸலாஹ் எழுதியது ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டில். முன்னவர்கள் பெரும்பாலும் அப்படியே நடந்துகொண்டார்கள், ஓரத்தில் ஒன்றிரண்டு பேரைப் பற்றி நாக்கு நழுவியிருக்கிறது.

மாவனல்லை

நாக்கு நழுவவில்லை நானா. தாரகுத்னீக்கு நாக்கு நழுவாது. அளந்துதான் பேசுவார்.

ஓலைச்சுவடி

எல்லோருக்கும் நன்றி. கேட்டதைவிட நிறையக் கிடைத்தது. ஒரு துணைக் கேள்வி: இந்த மாதிரி சர்ச்சைக்குரிய ஆட்களை எடுத்துவிட்டால் எவ்வளவு ஹதீஸ் போகும்? யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

பழைய கிதாபு

எண்ணவில்லை, ஆனால் ஒருவர் சோதித்துப் பார்த்தார். இப்னுல் வஸீர், யமன் நாட்டவர், ஹிஜ்ரி 840-இல் இறந்தவர், ஸைதிய்யா என்ற ஷியாப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஊரில் முஆவியா, அம்ர் பின் அல்ஆஸ், முகீரா ஆகிய மூவரையும் ஏற்க மாட்டார்கள். இவர் அர்ரவ்ளுல் பாஸிம் என்ற தன் நூலில் அந்த மூவரின் சட்ட ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதே செய்தி வேறு எந்த ஸஹாபி வழியாக வந்திருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் துணை கிடைத்தது. இந்த மூவரைத் தூக்கினாலும் ஃபிக்ஹ் அப்படியே நிற்கும் என்று தன் ஊர்க்காரர்களுக்குக் காட்டினார். அதாலத்தை ஒப்புக்கொள் என்று வற்புறுத்தாமல் இப்படிக் காட்டியது எனக்குப் பிடித்த வழி.

மூன்றாம் பெஞ்சு

நல்ல சோதனை. ஆனால் துணை கிடைத்ததால் நம்புகிறோம் என்றால், நம்பிக்கைக்கு ஆதாரம் துணைதான், அதாலத் இல்லை. துணை இல்லாத ஒற்றை ஹதீஸில்தான் விதிக்கே வேலை. புஸ்ரின் ஹதீஸுக்குத் துணை உண்டா?

மாவனல்லை

நபியிடமிருந்து அதே வார்த்தைக்கு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எதிரி நாட்டில் இருக்கும்போது யாருக்கும் ஹத்து என்ற குற்றத் தண்டனையை நிறைவேற்றாதீர்கள், ஷைத்தான் தூண்டி எதிரியோடு போய்ச் சேர்ந்துவிடுவான் என்று உமர் (ரலி) தளபதிகளுக்கு எழுதியதாக வருகிறது. சட்ட அறிஞர் அவ்ஸாஈயும் அதே காரணத்தைச் சொல்லித்தான், படை ஊர் திரும்பிய பிறகு நிறைவேற்றட்டும் என்றார். திர்மிதீ புஸ்ரின் ஹதீஸுக்குக் கீழேயே அதை எழுதியிருக்கிறார். ஷாஃபியீ ஹத்து எங்கேயும் ஹத்துதான் என்று இந்த ஹதீஸை எடுக்கவில்லை. ஹதீஸைத் தள்ளினார்களா, அதைச் சொன்ன ஆளைத் தள்ளினார்களா என்று கேட்டால், ஷாஃபியீ புஸ்ரை வைத்து வாதிடவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

கூத்தாநல்லூரான்

ஷாஃபியீ ஏன் எடுக்கவில்லை என்று அவருடைய அல்உம்ம் நூலில் தேடிப் பார்த்து எழுதுகிறேன். இழையை மூடிவிடாதீர்கள்.